கொட்டகை என்று எழுதப்பட்ட வீடு: ஒரு கல்குவாரி மேற்பார்வையாளரின் அறிக்கையை முன்வைத்து

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாங்கள் கேட்டிருந்த ஆவணங்கள் ஐந்து மாதத்திற்குப் பின் வந்து சேர்ந்தபோது, குத்தகை ஆணைக்கும் சுரங்கத் திட்டத்திற்கும் இடையில் செருகப்பட்டிருந்த ஒற்றைத் தாளை முதலில் யாரும் கவனிக்கவில்லை. வட தமிழகத்தின் ஒரு கல்குவாரியில் பணியாற்றிய மேற்பார்வையாளர், 2023 மார்ச் 15 அன்று தன் குத்தகைதாரருக்குக் கையால் எழுதிக் கொடுத்த அறிக்கை அது. முந்தைய நாள் மாலை வைத்த வெடியில் கல் துண்டுகள் பாதுகாப்பு எல்லையைத் தாண்டிச் சென்று விழுந்தன என்றும், அருகிலிருந்த ஒரு கொட்டகையின் கூரை சேதமடைந்தது என்றும், ஆட்களுக்கோ கால்நடைகளுக்கோ காயமில்லை என்றும் அது கூறுகிறது. வழக்கு நிலுவையில் இருப்பதால் ஊர், குவாரி, ஆட்கள் ஆகியோரின் பெயர்களை இங்கு தவிர்க்கிறேன். அந்தத் தாளை மட்டும் வரி வரியாகப் படித்துப் பார்க்கலாம். குவாரி ஓரங்களில் வாழும் தலித் குடியிருப்புகளின் வழக்குகளில் இத்தகைய தாள்தான் பெரும்பாலும் வழக்கை ஆக்குகிறது, அல்லது அழிக்கிறது.

முதலில் அந்தக் கொட்டகை. அது ஒரு வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை, முன்புறம் ஆடு கட்டும் தாழ்வாரம். அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்ணும் அவருடைய பேத்தியும் அதில் வாழ்கிறார்கள். மின் இணைப்பு இருக்கிறது, குடும்ப அட்டை இருக்கிறது, பட்டா இல்லை. மேய்ச்சல் புறம்போக்கில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியிருக்கும் 19 பட்டியல் சாதிக் குடும்பங்களில் அதுவும் ஒன்று. அன்று மாலை 4.40 மணிக்குக் கூரையைத் துளைத்து விழுந்த கல், கயிற்றுக் கட்டிலின் சட்டத்தை முறித்துவிட்டுத் தரையில் குழி பறித்தது. ரேஷன் கடைத் தராசில் நிறுத்தபோது இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. பாட்டி ஆடு ஓட்டிப் போயிருந்தார். சிறுமி பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை. அறிக்கை சொல்லும் "காயமில்லை" என்பதன் முழுப் பொருள் இவ்வளவுதான்.

மேற்பார்வையாளர் ஏன் கொட்டகை என்று எழுதினார்? அவருக்கு அது வீடு என்று தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்கு வந்தார். இச்சொல் சட்டத்தின் இரண்டு கதவுகளை ஒரே நேரத்தில் சாத்துகிறது.

முதல் கதவு, தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959. அதன் 36ஆவது விதி, குடியிருப்புப் பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை வழங்கக் கூடாது என்கிறது. படித்தவுடன் நிம்மதி தரும் விதிதான். ஆனால் குடியிருப்பு என்பதற்கு அவ்விதியே ஒரு வரையறையும் தருகிறது: வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஊர்நத்தமாகவோ வீட்டுமனையாகவோ குறிக்கப்பட்ட இடம், அல்லது உள்ளாட்சி அல்லது திட்டக் குழுமத்தால் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு. மனிதர்கள் வாழும் இடம் என்று அது சொல்லவில்லை. பதிவேட்டில் அவ்வாறு எழுதப்பட்ட இடம் என்கிறது. நத்தத்திற்குள் இடம் மறுக்கப்பட்டு ஊருக்கு வெளியே புறம்போக்கில் குடியேறியவர்கள் யார் என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சாதி முதலில் அவர்களை நத்தத்திற்கு வெளியே நிறுத்தியது. பின்னர் வந்த விதி, நத்தத்திற்கு வெளியே இருப்பவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. குத்தகை விண்ணப்பத்துடன் இணைக்கப்பட்ட கிராம நிர்வாக அலுவலரின் சான்று, 300 மீட்டர் சுற்றளவில் குடியிருப்பு ஏதுமில்லை என்று சொன்னது. குத்தகை எல்லைக் கல்லிலிருந்து முதல் வீடு 190 மீட்டரில் இருக்கிறது. ஆயினும் அந்தச் சான்று, சட்டத்தின் சொற்படி, பொய்யென்று எளிதில் நிரூபிக்க இயலாத ஒன்று. இந்த வகைச் சான்றுதான் என்னை மிகவும் சோர்வடையச் செய்கிறது.

இரண்டாவது கதவு, உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள், 1961. கல்குவாரிக்கும் சுரங்கச் சட்டத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நிகழ்வின்போது நடப்பிலிருந்த 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், ஆறு மீட்டருக்கு மேல் ஆழமில்லாத, ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யாத சாதாரணக் கல்வெட்டும் குழிகளுக்குப் பெரும்பாலும் விலக்களித்தது. ஆனால் வெடிபொருள் பயன்படுத்தினால் அந்த விலக்கு இல்லை. வெடி வைத்த அந்த நொடியிலேயே குவாரி சட்டப்படி சுரங்கம் ஆகிவிடுகிறது. 1961இன் ஒழுங்குமுறைகளும் பொருந்துகின்றன. அவற்றின் 164ஆவது பிரிவு, வெடி வைக்கும் இடத்திலிருந்து 300 மீட்டர் ஆரத்தை அபாய வளையம் என்கிறது. அதற்குள் இருக்கும் அனைவரும் தக்க மறைவிடம் சென்றுவிட்டார்கள் என்று உறுதி செய்யாமல் வெடிக்கக் கூடாது. குவாரி உரிமையாளருக்குச் சொந்தமில்லாத நிலையான கட்டடம் அந்த வளையத்துக்குள் இருந்தால், வெடிமருந்தின் அளவுக்குக் கட்டுப்பாடு வருகிறது. சுரங்கப் பாதுகாப்பு ஆய்வாளரின் எழுத்துபூர்வமான அனுமதியும் நிபந்தனைகளும் குறுக்கே வந்து நிற்கின்றன. வீடு என்றால் நிலையான கட்டடம். கொட்டகை என்றால் அதைப் பற்றி வாதிடலாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். மாவட்ட அலுவலகங்களிலேயே இது அடிக்கடி நிகழ்கிறது. இரண்டு விதிகளும் 300 மீட்டர் என்கின்றன, ஆனால் அவை ஒரே வட்டமல்ல. 1959இன் விதி குவாரிக்கும் குடியிருப்புக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியது, அது அசையாது. 1961இன் வளையம் அன்றன்று வெடி வைக்கும் இடத்தை மையமாகக் கொண்டது. பாறை முகம் நகர நகர அதுவும் நகரும். அன்றைய வெடி வைத்த இடத்திலிருந்து நாங்கள் அளந்தபோது, கல் விழுந்த வீடு 320 மீட்டரில் இருந்தது. மிக அருகிலிருந்த வீடு 255 மீட்டரில். அதாவது அந்த 19 வீடுகளில் சில அன்று வளையத்துக்கு உள்ளேயும் சில வெளியேயும் இருந்தன. ஓராண்டு கழித்துப் பாறை முகம் மேற்கே நகரும்போது எல்லாமே உள்ளே வந்துவிடும். மேற்பார்வையாளர், கல் எல்லையைத் தாண்டியதாக எழுதினார். எல்லைக்கு உள்ளே எத்தனை வீடுகள் இருந்தன என்று எழுதவில்லை.

இனி அறிக்கையின் இரண்டாவது பத்தி. சேதத்திற்குக் காரணம், பாறையில் முன்பே தெரியாத விரிசல் என்கிறது அது. விரிசல் வழியாக வாயு பீறிட்டுக் கல் பறப்பது உண்மையில் நடக்கக்கூடியதே. ஆனால் இந்த விளக்கத்தைச் சரிபார்க்க வழியுண்டு. வெடியியல் படித்திருக்க வேண்டியதில்லை. மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்.

கல் எந்தத் திசையில் பறந்தது? பாறையின் திறந்த முகத்துக்கும் முதல் வரிசைக் குழிகளுக்கும் இடையே போதிய கனம் விடாவிட்டால், அல்லது அங்கே விரிசலிருந்தால், கல் முன்பக்கமாகவே பீறிடும். குழியின் வாய்ப்பகுதி பலவீனமாக இருந்தால் கல் மேல்நோக்கிக் கிளம்பி எத்திசையிலும், பின்பக்கத்திலும்கூட, விழும். அந்தக் குவாரியின் திறந்த முகம் கிழக்கு நோக்கியது. குடியிருப்பு மேற்கே, அதாவது முகத்துக்குப் பின்னால் இருக்கிறது. முன்முகத்து விரிசலால் கிளம்பிய கல் பின்பக்கம் 320 மீட்டர் வந்து விழாது.

கல் எப்படி இருக்கிறது? கட்டிலை முறித்த அந்தக் கல்லின் ஒரு பக்கத்தில், கட்டைவிரல் அகலத்தில், வழவழப்பான அரைவட்டப் பள்ளம் ஓடுகிறது. குழி போடும் இயந்திரத்தின் தடம் அது. அந்தக் கல் ஒரு வெடிக்குழியின் சுவராக இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. இதை ஊரார் முதல் நாளே கவனித்திருந்தார்கள். குவாரி ஆட்கள் மறுநாள் வந்து, விழுந்த கற்களை அப்புறப்படுத்தித் தருகிறோம் என்று மிகவும் பரிவோடு கேட்டபோது, அந்த ஒரு கல்லை மட்டும் பாட்டி தரவில்லை.

மூன்றாவது கேள்வி, குழிக்குள் எவ்வளவு மருந்து இருந்தது, அதன் மேல் எவ்வளவு அடைப்பு இருந்தது என்பது. வெடிக்குழியின் அடியில் மருந்துத் தோட்டாக்களை இறக்கிவிட்டு, மேலே எஞ்சும் பகுதியைக் கெட்டியாக அடைக்க வேண்டும். இந்த அடைப்புதான் வாயுவை ஒரு கணம் உள்ளே பிடித்து வைத்துப் பாறையைப் பிளக்கச் செய்கிறது. அடைப்பு குறைந்தால் குழி துப்பாக்கிக் குழலாகிவிடும். வாய்ப்பகுதிப் பாறையே குண்டாகிப் பறக்கும். குழி விட்டத்தைப் போல் இருபது முதல் முப்பது மடங்கு நீளத்துக்கு அடைப்பு வேண்டும் என்பது துறையில் பரவலாகப் பின்பற்றும் கணக்கு.

அறிக்கை 42 குழிகள் என்கிறது. ஒவ்வொன்றும் 32 மில்லிமீட்டர் விட்டம், ஒன்றரை மீட்டர் ஆழம். ஒப்புதல் பெற்ற சுரங்கத் திட்டப்படி ஒரு குழிக்கு 125 கிராம் தோட்டா நான்கு. ஒரு தோட்டா 20 சென்டிமீட்டர் நீளம். நான்கும் 80 சென்டிமீட்டரைப் பிடிக்கும். மீதி 70 சென்டிமீட்டர் அடைப்பு, விட்டத்தைப் போல் ஏறத்தாழ 22 மடங்கு. கணக்கு சரியாகவே இருக்கிறது. ஆனால் அதே ஆவணக் கட்டில் வந்த வெடிபொருள் இருப்புப் பதிவேட்டில், அன்று எடுக்கப்பட்ட தோட்டாக்கள் 210. திருப்பி வைத்தவை ஏதுமில்லை. 42 குழிக்கு நான்கு வீதம் 168தான் வரும். 210ஐ 42ஆல் வகுத்தால் மிகச் சரியாக ஐந்து. குழிக்கு ஐந்து தோட்டா இறங்கியிருந்தால் மருந்து ஒரு மீட்டரைப் பிடித்துவிடும். அடைப்புக்கு எஞ்சுவது 50 சென்டிமீட்டர். 16 மடங்குகூட முழுதாக இல்லை. அந்த அடைப்பும் எதனால் ஆனது? குழி போட்டபோது வெளிவந்த மாவுபோன்ற தூளையே திரும்பக் கொட்டி நிரப்பினார்கள் என்று அங்கு வேலை செய்த ஒருவர் எங்களிடம் கூறினார். தூள் வாயுவைத் தடுக்காது. கரடுமுரடான கல்சிப்பு ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு நிற்கும். தூள் ஊதித் தள்ளப்படும்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் முன்கூட்டி யோசிக்க வேண்டும். மீதி 42 தோட்டாக்களைப் பெருங்கற்களை உடைக்கப் பயன்படுத்தினோம் என்பார்கள். அப்படியானால் அந்த இரண்டாம் வெடிக்குப் பதிவு எங்கே? கீழே கிடக்கும் பெருங்கல்லின் மேல் வெடி வைத்து உடைப்பது, கல் தெறிப்பதில் எல்லா முறைகளிலும் மோசமானது. அதை ஒப்புக்கொள்வது அவர்களுக்கு உதவாது.

இன்னொரு கணக்கும் நீதிமன்றத்தில் பயன்படும், பள்ளிப் பாட அளவிலானது. காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாமல் பார்த்தாலும், ஒரு கல் 320 மீட்டர் தூரம் போய் விழ வேண்டுமானால், மிகச் சாதகமான 45 பாகைக் கோணத்தில்கூட, விநாடிக்கு 56 மீட்டர் வேகத்துடன் கிளம்பியிருக்க வேண்டும். மணிக்கு 200 கிலோமீட்டர் அது. காற்றின் தடையையும் சேர்த்தால் இன்னும் அதிகம். பாறை பிளந்து சரியும்போது கற்கள் இந்த வேகத்தில் பறப்பதில்லை. சரியாக அடைக்கப்பட்ட வெடியில் கல் மேலெழும்பிக் குவாரிக்குள்ளேயே குவியும். எனவே 320 மீட்டர் என்ற அளவே ஒரு குற்றச்சாட்டு. "எதிர்பாராதது" என்ற சொல்லை அது ஏற்க மறுக்கிறது.

இவ்வளவு சொன்னபின் மேற்பார்வையாளரைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். அவர் கொட்டகை என்று எழுதினார், விரிசல் என்று எழுதினார். ஆனால் கல் எல்லை தாண்டியது என்பதை மறைக்கவில்லை. அறிக்கையின் கடைசி இரண்டு வரிகளில், மேற்கு வரிசைக் குழிகளுக்கு அடுத்த முறை மருந்தைக் குறைக்க வேண்டும், குழிகளின் மேல் கம்பி வலை விரித்து மணல்மூட்டை அடுக்கிய பிறகே வெடிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர், முதலாளிக்குச் செலவு வைக்கும் இந்த வரிகளை எழுதித் தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். தாளின் ஓரத்தில் குத்தகைதாரர் தரப்பில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம், மார்ச் 16 என்ற தேதியுடன் இருக்கிறது. மணல்மூட்டை வரவில்லை. மார்ச் 18 அன்று அதே மேற்கு வரிசையில் மீண்டும் வெடித்தார்கள். இம்முறை இரண்டு கற்கள் குடியிருப்பில் விழுந்தன. ஒரு வீட்டின் ஓடுகள் நொறுங்கின, இன்னொன்றின் தண்ணீர்த் தொட்டி பிளந்தது.

மார்ச் 14க்கும் 18க்கும் இடையில் சட்டத்தின் பார்வையில் ஒன்று மாறிவிடுகிறது. முதல் நிகழ்வை, மிகத் தாராளமாகப் பார்த்தால், கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். அன்று நடப்பிலிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 286ஆவது பிரிவு, வெடிபொருளைக் கவனக்குறைவாகக் கையாள்வதைப் பற்றியது, தண்டனை அற்பமானது. இரண்டாவது நிகழ்வு அப்படியல்ல. எதைச் செய்தால் எங்கே கல் விழும் என்பதும், எதைச் செய்தால் விழாது என்பதும் எழுத்தில் கொடுக்கப்பட்டு, கையொப்பமிட்டுப் பெறப்பட்ட பின் வைத்த வெடி அது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(iii) பிரிவு, பட்டியல் சாதியைச் சேர்ந்தவரின் சொத்துக்குச் சேதம் விளையக்கூடும் என்று அறிந்தே, தீயாலோ வெடிபொருளாலோ தீங்கு விளைவிப்பதைத் தண்டிக்கிறது. நோக்கம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. விளைவு நேரக்கூடும் என்ற அறிவு போதும். அந்த அறிவை நிரூபிப்பதுதான் இத்தகைய வழக்குகளில் எப்போதும் கடினம். இங்கே குத்தகைதாரரின் மேற்பார்வையாளரே அதை எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடுத்த உட்பிரிவான 3(2)(iv), கட்டடத்தை அழிப்பது பற்றியது; தண்டனை ஆயுள் சிறை. அது மனிதர் குடியிருக்கும் கட்டடத்தை மட்டும் சொல்லவில்லை. பட்டியல் சாதியினர் பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் இடத்தையும் சேர்த்தே சொல்கிறது. எங்கள் வழக்கில் அழிவு என்று சொல்லுமளவுக்குச் சேதமில்லை. அப்பிரிவை நாங்கள் கோரவுமில்லை. ஆனாலும் ஒன்று புலப்படுகிறது. குவாரி விதிகளிலிருந்து தப்பிக்க உதவும் கொட்டகை என்ற சொல், வன்கொடுமைச் சட்டத்தின் முன் எந்த மறைப்பையும் தராது.

அறிக்கை அரசுக் கோப்புக்குள் எப்படி வந்தது என்பது தனிக் கதை. மார்ச் 20, திங்கட்கிழமை, குறைதீர் நாள் கூட்டத்தில் ஊரார் ஆட்சியரிடம் மனு கொடுத்தார்கள். கனிம வளத்துறை உதவி இயக்குநர் விளக்கம் கேட்டபோது, வீடெல்லாம் சேதமாகவில்லை, ஒரு கொட்டகைதான் என்று காட்டுவதற்காக, குத்தகைதாரரே இந்த அறிக்கையை இணைத்து அனுப்பினார். அவர் முதல் வரியைத்தான் படித்திருக்கிறார். அலுவலகமும் அதைத்தான் படித்தது, மனு முடித்துவைக்கப்பட்டது. காவல் நிலையத்தில் மனு ஏற்பு ரசீது மட்டும் கிடைத்தது. 2024 மே 1 அன்று காரியாபட்டி அருகே ஆவியூர்க் குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து மூவர் இறந்தபோது, அரச இயந்திரம் சில மணி நேரத்தில் அங்கே நின்றது. யாரும் சாகாத ஒரு கூரைத் துளைக்கு அது வருவதில்லை.

இதே நிலையில் இருக்கும் குடியிருப்புகளுக்காக நடைமுறை சார்ந்து சிலவற்றைச் சொல்கிறேன். கல் விழுந்தால் முதலில் அதை எடுத்து வெளியே எறியாதீர்கள்; குவாரி ஆட்களிடமும் கொடுக்காதீர்கள். விழுந்த இடத்தையும் கூரைத் துளையையும் ஒரே படத்தில் வருமாறு எடுங்கள். நேரத்தைக் குறியுங்கள். கல்லை நிறுத்து வையுங்கள். அதில் குழித் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே வெடியில் வேறெங்கெல்லாம் கல் விழுந்தது என்பதைத் தேடிக் குறிப்பது மிக முக்கியம். திசைதான் காரணத்தைச் சொல்லும். அன்றே எழுதிய மனுவைக் குத்தகைதாரருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். பதில் வராது, ஆனால் அடுத்த வெடியின்போது அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் மண்டல அலுவலகத்துக்கும் ஒரு படி போகட்டும். ஆட்சியர் அலுவலகத்தைவிட அங்கே வெடிப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தகவல் அறியும் உரிமை மனுவில் விபத்து அறிக்கையை மட்டும் கேட்டு நிறுத்தாமல், அந்தத் தேதிக்கான வெடிபொருள் இருப்புப் பதிவேட்டையும் ஒப்புதல் பெற்ற சுரங்கத் திட்டத்தையும் கிராம நிர்வாக அலுவலரின் தூரச் சான்றையும் சேர்த்துக் கேளுங்கள். நான்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் ஒன்று மற்றொன்றின் பொய்யைச் சொல்லும்.

எங்கள் குழுவுக்குள் இன்னும் தீராத ஒரு விவாதம் உண்டு. மேற்பார்வையாளரையும் எதிரியாகச் சேர்க்க வேண்டும் என்று தோழர்கள் சிலர் வற்புறுத்துகிறார்கள். அவருடைய கண்காணிப்பில்தான் வெடி வைக்கப்பட்டது என்பது உண்மை. நான் உடன்படவில்லை. அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால், அந்த அறிக்கை மிரட்டலில் எழுதப்பட்டது என்று அவர் சொல்ல வேண்டியிருக்கும். மணல்மூட்டை வரிகள் காற்றில் போகும். சாட்சியாக நின்றால் அவர் எழுதியதை அவரே வாசிப்பார். ஊரார் இதை அரைமனத்தோடுதான் ஏற்றிருக்கிறார்கள். அந்த ஏப்ரலிலேயே அவர் குவாரியிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டார் என்பது தெரிந்த பிறகு எதிர்ப்பு சற்றுத் தணிந்திருக்கிறது.

குடியிருப்பு இருக்கும் புறம்போக்கை நத்தமாக வகைமாற்றம் செய்து பட்டா வழங்கக் கோரும் மனுவைத் தனியாகக் கொடுத்திருக்கிறோம். அது ஏற்கப்பட்டால் அந்த 19 வீடுகளும் சட்டத்தின் கண்ணுக்கு முதன்முறையாகக் குடியிருப்பாகும். குத்தகை புதுப்பிப்புக்கு வரும்போது 300 மீட்டர் விதி அவற்றுக்கும் பொருந்தும். நில அளவையர் இருமுறை வந்து சங்கிலி இழுத்துவிட்டுப் போயிருக்கிறார். கூரையில் தகரத் துண்டு ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. கல் ஒரு உரச்சாக்கில் சுற்றி அறையின் மூலையில் வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த விசாரணைக்கு அதைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.